புள்ளி எங்கே போனது? மாணவருக்குப் பேனாவும் நோட்டும் தேர்ந்தெடுக்கும் முறை



சென்ற ஆண்டு படிவம் 4 மாணவி ஒருத்தியின் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். கருத்தெல்லாம் நன்றாக இருந்தது. ஆனால், வரிக்கு இரண்டு மூன்று இடங்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இல்லை. ‘அவன்’ என்பது ‘அவன’ என்று நின்றது. சில இடங்களில் மூன்று சுழி ‘ண’வா, இரண்டு சுழி ‘ன’வா என்றே தெரியவில்லை. எழுத்துப்பிழை என்று வட்டம் போட்டு மதிப்பெண்ணைக் குறைத்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அவள் தாளைக் கொண்டுவந்து, “டீச்சர், நான் புள்ளி வச்சேன். இங்க பாருங்க” என்றாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. புள்ளி இருந்த இடத்திலிருந்து வலப்பக்கமாக மெல்லிய நீல வால் ஒன்று ஓடியிருந்தது. அவள் இடக்கை எழுத்துக்காரி. கையைத் திருப்பிக் காட்டினாள். சுண்டுவிரல் பக்கம் முழுக்க மை.

அவளுடைய அம்மாவிடம் பேசினேன். “நல்ல பேப்பரா இருக்கணும்னுதான் டீச்சர், விலை கூடுன நோட்டு வாங்கிக் குடுத்தேன். பேனாவும் ஜெல் பேனாதான். பழைய நோட்டுல இவ்வளவு அப்பல” என்றார். அவர் சொன்னது உண்மை. நல்ல நோட்டும் நல்ல பேனாவும் சேர்ந்துதான் அந்தப் பிள்ளையின் புள்ளிகளைத் தின்றிருக்கின்றன. அது எப்படி என்று தேடிப் படித்தும் வகுப்பில் சோதித்தும் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். பெற்றோர் நம்மிடம் “எந்தப் பேனா வாங்கலாம்?” என்று கேட்கும்போது சொல்ல உதவும்.

மை எப்படிக் காய்கிறது?

கடையில் நம் மாணவர்கள் வாங்கும் பேனாக்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி வேலை செய்கின்றன. முனையில் ஒரு குட்டி உலோக உருண்டை இருக்கும். தாளில் அது உருளும்போது உள்ளே இருக்கும் மையை எடுத்து வெளியே பூசுகிறது. வேறுபாடு மையில்தான்.

சாதாரண பால்பாயிண்ட் பேனாவில் இருப்பது எண்ணெய் போன்ற கெட்டியான மை. மிகக் கொஞ்சமாகத்தான் வெளியே வரும். வந்த உடனே தாளோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கோடு கிட்டத்தட்ட எழுதிய கையோடு காய்ந்துவிடும். இதற்கு விலையாக நாம் கொடுப்பது கை அழுத்தம். மை கெட்டி என்பதால் அழுத்தித்தான் எழுத வேண்டும்; நீண்ட கட்டுரை எழுதினால் விரல் வலிக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. உருண்டையின் ஓரத்தில் மை கொஞ்சம் கொஞ்சமாகத் திரண்டு, பேனா திசை திரும்பும் இடத்தில் ஒரு சொட்டாக விழும். நம் தமிழ் எழுத்தில் திரும்பாத இடம் எது? சுழியும் கொம்பும் உள்ள மொழியில் இந்தச் சொட்டு அடிக்கடி விழும். கோடு காய்ந்தாலும் அந்தச் சொட்டு காயாது. கையில் ஒட்டுவது அதுதான்.

ஜெல் பேனாவில் இருப்பது தண்ணீர் கலந்த மை. சும்மா இருக்கும்போது கூழ் மாதிரி கெட்டியாக இருக்கும். உருண்டை உருளும்போது இளகி ஓடும். அழுத்தாமலே எழுதும், கோடு கறுப்பாக, அழுத்தமாக விழும். பிள்ளைகளுக்கு இது பிடிப்பதில் வியப்பில்லை. ஆனால், பால்பாயிண்டைவிட அதிக மை தாளில் இறங்குகிறது. அந்த மையில் உள்ள தண்ணீர் தாளுக்குள் உறிஞ்சப்பட வேண்டும், மீதி காற்றில் ஆவியாக வேண்டும். அதற்குச் சில வினாடிகள் தேவை. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். மழை நாளில், மின்விசிறி மட்டும் ஓடும் வகுப்பறையில், அதே பேனா இன்னும் மெதுவாகக் காயும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. எண்ணெய் மைதான், ஆனால் இளக்கமாகச் செய்யப்பட்டது. யூனி ஜெட்ஸ்ட்ரீம், பைலட் அக்ரோபால் போன்றவை இந்த வகை. பால்பாயிண்டைவிட மென்மையாக ஓடும். ஜெல்லைவிட விரைவாகக் காயும். ஜெல்லிலேயே விரைவாகக் காயும்படி செய்தவையும் உண்டு. பெண்டல் எனர்ஜெல், ஜீப்ரா சரசா டிரை போன்றவற்றைச் சொல்லலாம். விளம்பரத்துக்காகப் பெயர் சொல்லவில்லை. கடையில் கேட்டு வாங்கும்போது எதைத் தேடுகிறோம் என்பது தெரிய வேண்டுமே, அதற்காகத்தான்.

புள்ளிதான் மிகவும் ஈரமான இடம்

ஆங்கிலத்துக்கோ மலாய்க்கோ எழுதப்பட்ட பேனா ஆலோசனைகள் நமக்கு அப்படியே பொருந்தாததற்குக் காரணம் புள்ளி. ஒரு பக்கத்தில் எத்தனை புள்ளி வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

கோடு இழுக்கும்போது மை நீளமாகப் பரவுகிறது. புள்ளி வைக்கும்போது பேனா ஒரே இடத்தில் நிற்கிறது. ஜெல் பேனா என்றால் அந்த இடத்தில் மை குமிழாகத் தேங்கும். பக்கத்தில் உள்ள கோடு காய்ந்த பிறகும் புள்ளி ஈரமாகவே இருக்கும். கை பட்டால் முதலில் போவது புள்ளிதான்.

பால்பாயிண்டில் சிக்கல் தலைகீழ். உருண்டை உருண்டால்தான் மை வரும். சும்மா தொட்டு எடுத்தால் உருண்டை உருளாது. புள்ளி மங்கலாக விழும் அல்லது விழவே விழாது. மாணவர் புள்ளி வைத்ததாகவே நினைத்துக்கொண்டு போய்விடுவார். பால்பாயிண்டில் எழுதும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: “புள்ளியைத் தொட்டு எடுக்காதே, குட்டியா ஒரு சுழி சுழிச்சு எடு.”

இன்னொரு பழக்கத்தையும் கவனியுங்கள். சில மாணவர்கள் சொல்லை முழுதாக எழுதி முடித்துவிட்டு, பிறகு திரும்பி வந்து புள்ளிகளை வைப்பார்கள். இப்படிச் செய்தால் வலக்கைக்காரர்களுக்கும் மை இழுபடும். காயாத எழுத்துக்கு மேலேயே கை திரும்ப வருகிறது அல்லவா? எழுத்தோடு சேர்த்து உடனே புள்ளி வைக்கப் பழக்கினால் பாதிச் சிக்கல் செலவில்லாமல் தீரும்.

முனையின் அளவும் இங்கே முக்கியம். பேனாவில் 0.5, 0.7, 1.0 என்று போட்டிருப்பது உருண்டையின் குறுக்களவு, மில்லிமீட்டரில். கோடு அதைவிட மெல்லியதாகத்தான் விழும். ஒரே 0.7 என்று போட்டிருந்தாலும் ஜெல் கோடு பொதுவாகப் பால்பாயிண்ட் கோட்டைவிடத் தடிமனாக இருக்கும். சின்னதாக எழுதும் பிள்ளை 0.7 ஜெல்லில் எழுதினால் ‘ண’வின் சுழிகள் மையால் அடைந்துவிடும், ‘பணி’யும் ‘பனி’யும் ஒன்றாகத் தெரியும். ஆகவே, ஜெல் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு 0.5 வாங்கச் சொல்லுங்கள். மை குறைவாக இறங்கும், சுழி திறந்திருக்கும், விரைவாகவும் காயும்.

தாள்: எடை சொல்வதும் சொல்லாததும்

நோட்டின் அட்டையில் 60 ஜி.எஸ்.எம்., 70 ஜி.எஸ்.எம். என்று போட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. போடாத நோட்டுக்கு நீங்களே கண்டுபிடிக்கலாம். ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அதனால் 16 ஏ4 தாளைச் சமையலறைத் தராசில் வைத்தால் வரும் கிராம் கணக்கே ஜி.எஸ்.எம். நகல் எடுக்கும் தாள் 80 ஜி.எஸ்.எம். என்றால் 16 தாள் 80 கிராம் காட்டும்.

பயிற்சி நோட்டு என்றால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். என்னிடம் இருந்த பழைய நோட்டு ஒன்று 21 செ.மீ. நீளம், 16.5 செ.மீ. அகலம். ஒரு தாளின் பரப்பு 346.5 சதுர செ.மீ. அட்டையைப் பிரித்துவிட்டு உள்ளே இருந்த 40 தாளையும் நிறுத்தேன், 83 கிராம். நாற்பது தாளின் மொத்தப் பரப்பு 13,860 சதுர செ.மீ., அதாவது 1.386 சதுர மீட்டர். 83-ஐ 1.386-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 60. ஆக, அது 60 ஜி.எஸ்.எம். தாள்.

இந்த எண் நமக்கு என்ன சொல்கிறது? தாள் தடிமனாக, ஒளி ஊடுருவாமல் இருக்குமா என்பதை ஓரளவு சொல்கிறது. மெல்லிய தாளில் பின்பக்க எழுத்தின் நிழல் தெரியும். ஜெல் மை அதிகமாக இறங்கினால் நிழல் மட்டுமல்ல, மையே மறுபக்கம் வந்துவிடும். அப்படி வந்த ஒரு புள்ளி, மறுபக்கத்தில் ஓர் எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்தால்? இல்லாத இடத்தில் மெய்யெழுத்து முளைக்கும். நான் அப்படியும் பார்த்திருக்கிறேன். திருத்தும்போது சந்தேகம் வந்தால் தாளைத் திருப்பிப் பாருங்கள். நேர் பின்னால் ஒரு புள்ளி இருந்தால் அது மாணவர் வைத்தது அல்ல.

ஆனால், மை எவ்வளவு விரைவில் காயும் என்பதை இந்த எண் சொல்லாது. அதை முடிவு செய்வது தாளின் மேற்பரப்பு. வேட்டிக்குக் கஞ்சி போடுவதுபோலத் தாளுக்கும் ஆலையில் மாவுப்பசையும் வேறு சில பொருள்களும் சேர்ப்பார்கள். கஞ்சி குறைவாகப் போட்ட தாள் மையைச் சட்டென்று உறிஞ்சும். சீக்கிரம் காயும், ஆனால், கோட்டின் ஓரத்தில் மை மயிரிழை போலப் படரும், மறுபக்கமும் இறங்கும். கஞ்சி நன்றாகப் போட்டு வழவழப்பாக்கிய தாளில் கோடு கூர்மையாக, அழகாக நிற்கும். ஆனால், மை மேலேயே நிற்பதால் மெதுவாகத்தான் காயும்.

இப்போ அந்த அம்மா வாங்கிய நோட்டுக்கு வருவோம். 100 ஜி.எஸ்.எம்., தொட்டால் வழுக்கும் தாள். அதன் மேல் 0.7 ஜெல். அதிக மை, மெதுவாக உறிஞ்சும் தாள், அதற்கு மேல் தேய்த்துக்கொண்டே போகும் இடக்கை. மூன்றும் ஒன்றுசேர்ந்துவிட்டன. பழைய மலிவு நோட்டு மையைக் குடித்துக்கொண்டது, அதனால் அப்பவில்லை.

‘மண்ணெண்ணெய்’ சோதனை

எந்தப் பேனா எந்தத் தாளுக்கு ஒத்துவரும் என்பதை ஐந்து நிமிடத்தில் சோதிக்கலாம். நான் பயன்படுத்தும் சொல் ‘மண்ணெண்ணெய்’. நான்கு ணகரம், மூன்று புள்ளி, இரண்டு கொம்பு. சுழி அடைகிறதா, புள்ளி நிற்கிறதா என்று ஒரே சொல்லில் தெரிந்துவிடும்.

முதலில் மாணவர் வழக்கமாக எழுதும் அளவில், வழக்கமான வேகத்தில் அந்தச் சொல்லை எழுதட்டும். எழுதி முடித்து 2 வினாடி எண்ணி, உலர்ந்த சுத்தமான விரலால் இடமிருந்து வலமாக ஒரு முறை மட்டும் இழுக்க வேண்டும். கீழே மறுபடி எழுதி, 5 வினாடி கழித்து இழுக்க வேண்டும். பிறகு 10 வினாடி, 20 வினாடி. ஒவ்வொரு முறையும் விரலைத் துடைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பழைய மை புதிதாக ஒட்டி ஏமாற்றும். கடைசியில் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டும்.

கோட்டைப் பார்க்காதீர்கள், புள்ளியைப் பாருங்கள். எந்த வரியில் புள்ளிக்கு வால் முளைக்கவில்லையோ அதுதான் அந்தப் பேனாவும் தாளும் சேர்ந்து காய எடுக்கும் நேரம்.

இடக்கை மாணவருக்கு எத்தனை வினாடி போதும் என்பதையும் அளக்கலாம். அவர் ஒரு வரி எழுதும்போது, ஒரு குறிப்பிட்ட புள்ளியின் மேல் கை எப்போது ஏறுகிறது என்று பக்கத்தில் நின்று எண்ணுங்கள். என் மாணவிக்கு ஏறக்குறைய 3 வினாடி. ஆகவே, 2 வினாடி வரியில் வால் இல்லாத பேனாதான் அவளுக்குப் பாதுகாப்பு. வலக்கை மாணவருக்கு 10 வினாடிகூடப் பரவாயில்லை; கோடு போட அளவுகோல் வைக்கும்போதும் பக்கம் திருப்பும்போதும்தான் அவருக்கு ஆபத்து.

அவளோடு சேர்ந்து மூன்று தாளில் சோதித்தோம்: அந்த 100 ஜி.எஸ்.எம். நோட்டு, பழைய 60 ஜி.எஸ்.எம். நோட்டு, 80 ஜி.எஸ்.எம். நகல் தாள். அவளுடைய 0.7 ஜெல், வழவழப்பான நோட்டில் 20 வினாடியிலும் இழுபட்டது. பழைய நோட்டில் 5 வினாடியில் காய்ந்தது, ஆனால் புள்ளிகள் பின்பக்கம் இறங்கின. நகல் தாளில் 10 வினாடி ஆனது. ஒரு வெள்ளிக்கு வாங்கிய பால்பாயிண்ட், மூன்று தாளிலும் 2 வினாடியில் காய்ந்தது. ஆனால், மூன்றாவது புள்ளி கண்ணுக்கே தெரியவில்லை, கொம்பின் திருப்பத்தில் ஒரு சொட்டும் விழுந்தது. இளகிய எண்ணெய் மைப் பேனா, 0.7, நகல் தாளிலும் பழைய நோட்டிலும் 2 வினாடியில் நின்றது, புள்ளியும் தெளிவு. வழவழப்பான நோட்டில் மட்டும் 5 வினாடி கேட்டது. உங்கள் வகுப்பில் எண்கள் வேறாக வரலாம். தாளும் அன்றைய காற்றும் மாறினால் நேரமும் மாறும்.

நோட்டு நம் கையில், விடைத்தாள் நம் கையில் இல்லை

இந்த முடிவுகளைப் பார்த்து, “அப்ப பழைய நோட்டே போதுமா டீச்சர்?” என்று அவள் கேட்டாள். வீட்டுப்பாடத்துக்குப் போதும். ஆனால் எஸ்.பி.எம். தேர்வில் விடைத்தாளை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. கொடுத்த தாளில்தான் எழுத வேண்டும். அதனால் எந்தத் தாளிலும் அதிகம் ஏமாற்றாத பேனாவை முதலில் முடிவு செய்து, அதற்கு ஏற்ற நோட்டைப் பிறகு வாங்குவதே சரி. பெரும்பாலான பெற்றோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அவளுக்கு முடிவு செய்தது: இளகிய எண்ணெய் மைப் பேனா, கறுப்பு, ஒரே மாதிரி இரண்டு. நோட்டு 70 ஜி.எஸ்.எம்., வழுக்காத தாள், கம்பிச்சுருள் இல்லாதது. சுருள் இடப்பக்கம் இருந்தால் இடக்கை அதன் மேல் ஏறி இறங்க வேண்டியிருக்கும். கட்டுரைப் பயிற்சி மட்டும் நகல் தாளில். கூடவே, நோட்டைச் சற்று வலப்பக்கம் சாய்த்து வைக்கச் சொன்னேன். மேல் இடது மூலை உயர்ந்து, மேல் வலது மூலை தாழ்ந்து இருக்கும்படி. அப்போது கை வரிக்குக் கீழே இறங்கிவிடும், எழுதியதன் மேல் ஏறாது. பழக இரண்டு வாரம் ஆனது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. அழிக்கக்கூடிய ஜெல் பேனாக்கள் இப்போது நம் மாணவர்களிடம் நிறைய இருக்கின்றன. அதன் மை தேய்ப்பதால் அழிவதில்லை. தேய்க்கும்போது எழும் சூட்டில் நிறம் மறைகிறது. சுமார் 60 பாகை செல்சியஸ் போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வரக்கூடும். அங்கே வைத்த கட்டுரை வெற்றுத் தாளாகத் திரும்பி வரும். குறிப்பெழுதிப் பழக வைத்துக்கொள்ளட்டும். தேர்வுக்கும் ஒப்படைப்புக்கும் வேண்டாம்.

அந்த மாணவியின் கட்டுரையை மறுபடி எடுத்து, வால் முளைத்த புள்ளிகளை எல்லாம் எண்ணினேன். நான் பிழை என்று வட்டம் போட்டவை 14. அவற்றில் 11 இடங்களில் அவள் புள்ளி வைத்திருந்தாள். மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். மீதி மூன்றும் உண்மையான பிழைகள். அவற்றை அவளே கண்டுபிடித்துச் சொன்னாள்.